"இது அந்தப் பாட்டு இல்லை" என்று சொல்லும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் 14 வருடம் கேசட் பதிவுக்கடை வைத்திருந்தேன். ஒரு தாளில் வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலிக் கேசட்டில் ஏற்றி மறுநாள் கொடுப்பேன். கடையை மூடி ரொம்ப காலம் ஆகிறது. ஆனாலும் "பேரும் தெரியாது, படமும் தெரியாது, இப்படிப் போகும்" என்று ஒரு பாட்டைத் தேடி இன்றும் ஆட்கள் வருகிறார்கள். இப்போதெல்லாம் பாட்டைக் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை. கிடைத்த பாட்டை அவர்களே "இது இல்லை" என்று தள்ளிவிட்டு, இல்லாத வேறொன்றை வருடக்கணக்கில் தேடுவதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

முதல் இருபது நொடி கேட்டேன், நான் நினைச்ச பாட்டு மாதிரியே இல்ல. மீதியையும் கேக்கணுமா?

கேட்க வேண்டும். முழுதாக, நடுவில் தள்ளாமல்.

முதல் இருபது நொடி என்பது பெரும்பாலான சினிமாப் பாட்டுகளில் பல்லவிக்கு முன்னால் வரும் தொடக்க இசை. ஒரு பாட்டில் நாம் மிகக் குறைவாகக் கேட்டிருக்கும் பகுதியும் அதுதான். வானொலியில் அறிவிப்பாளர் படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் பெரும்பாலும் அதன் மேலேயே சொல்லிக்கொண்டிருப்பார். கோயில் கொடையிலோ பள்ளித் திருவிழாவிலோ குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால், நம் காது அதைப் பிடிப்பதே யாரோ பாட ஆரம்பித்த பிறகுதான். பஸ்ஸில் ஏறும்போது பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். இப்படி மனதில் பதிந்த பாட்டுக்குத் தொடக்க இசையே கிடையாது. நம் மனது அந்த இடத்தில் தனக்குத் தெரிந்த முதல் துண்டை வைத்துக்கொண்டு, "பாட்டு இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்று சாதிக்கும்.

அதனால் தொடக்க இசை பொருந்தவில்லை என்பதற்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. பொருந்தினால் சந்தோஷம், அவ்வளவுதான்.

கேக்கறதுக்கு முன்னால ஏதாவது எழுதி வைக்கணுமா?

இந்த ஒன்றை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சந்தேகப்படும் பாட்டை ஒரு நொடி கேட்பதற்கு முன்னாலேயே, மனதில் இருப்பதைக் கைபேசியில் பாடிப் பதிவுசெய்து வைத்துவிடுங்கள். குரல் நன்றாக இல்லை என்று கூச்சப்பட வேண்டாம். வார்த்தை வராத இடத்தில் "தன்னன்னா" போட்டு முனகினால் போதும். அப்புறம் ஒரு தாளில், எந்தத் துண்டுக்குப் பின்னால் எந்தத் துண்டு, யார் குரல், என்ன வாத்தியம், எங்கே யார் பக்கத்தில் வைத்துக் கேட்டது என்று நாலு வரி.

ஏன் முன்னாலேயே என்றால், புதிதாகக் கேட்டது பழைய நினைவின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஒரு பாட்டை இரண்டு முறை கேட்ட பிறகு, "முன்னால் என் மனதில் இருந்த மெட்டு எது, இப்போது கேட்டது எது" என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு "ஆமா, இதேதான்" என்று சொன்னாலும் நம்ப முடியாது, "இல்லவே இல்லை" என்று சொன்னாலும் நம்ப முடியாது. முன்னால் செய்த பதிவு ஒன்று இருந்தால், பத்து நாள் கழித்தும் அதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பாட்டை எங்கெங்கே பிரிச்சுப் பாக்கணும்?

நம் சினிமாப் பாட்டுக்குப் பிரிப்பு ஏற்கெனவே இருக்கிறது. தொடக்க இசை, பல்லவி, முதல் இடையிசை, முதல் சரணம், திரும்பப் பல்லவி, இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம், கடைசிப் பல்லவியும் முடிவும். சில பாட்டில் அனுபல்லவி இருக்கும், சிலவற்றில் மூன்றாவது சரணம் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது இடையிசை. இரண்டு சரணத்துக்கும் மெட்டு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டு இடையிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1970-களின் பின்பாதியிலிருந்து வந்த பாட்டுகள் பலவற்றில் முதல் இடையிசை வயலின் கூட்டமாக இருக்கும், இரண்டாவது புல்லாங்குழலோ கோரஸோ ஆக இருக்கும். ஆகவே "இதில் புல்லாங்குழலே இல்லையே" என்று முதல் சரணத்தோடு நிறுத்திவிட்டால், அது இருக்கிற இடத்தை நீங்கள் இன்னும் தொடவே இல்லை.

ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே மூன்றில் ஒரு சொல் எழுதுங்கள்: பொருந்துகிறது, முரண்படுகிறது, நினைவில் இல்லை. மூன்றாவது சொல்தான் முக்கியம். பாட்டில் ஒரு பகுதி இருக்கிறது, அதைக் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை என்றால் அது முரண் ஆகாது. நினைவில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். தள்ளப்பட்ட பாட்டுகளில் முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் தள்ளப்பட்டவை என்பது கடை வைத்திருந்த காலத்திலிருந்து நான் பார்த்தது.

எந்த நினைவை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

நான் வைத்திருக்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் தாளக்கட்டு. நாலு நாலாக நடக்கிற பாட்டு யாருடைய நினைவிலும் மூன்று மூன்றாக மாறியதை நான் பார்த்ததில்லை. வேகமும் நன்றாகவே நிற்கிறது. டேனியல் லெவிடின், பெரி குக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நன்கு பழகிய பாட்டுகளை நினைவிலிருந்து பாடச் சொல்லி அளந்து 1996-ல் வெளியிட்டார்கள். 100-க்கு 72 முறை, பாடியவர்களின் வேகம் அசல் பதிவின் வேகத்திலிருந்து 8 விழுக்காட்டுக்குள் இருந்தது. சங்கீதம் படிக்காத ஆட்களுக்கும் இது இருக்கிறது.

அடுத்தது பல்லவியின் முதல் வரி மெட்டு. ஒரு பாட்டுக்குள்ளேயே அது நாலைந்து முறை வருவதால் ஆழமாகப் பதிந்துவிடும். ஆனால் உங்கள் மனதில் இருப்பது பல்லவிதானா, அல்லது சரணத்தின் ஒரு வரியைப் பல்லவி என்று எடுத்துக்கொண்டீர்களா என்பதைக் கவனிக்க வேண்டும்.

வார்த்தை அதற்குக் கீழே. ஒலிபெருக்கியில் கேட்ட வார்த்தையை நான் ஓசையாக மட்டும் எடுத்துக்கொள்வேன். குழாயில் அடித்தொனி வராது. நடுத்தொனிதான் காற்றோடு வெகுதூரம் போகும். மெய்யெழுத்துகள் தேய்ந்துபோய், "ஆ… ஓ…" என்ற நீட்டல்தான் காதுக்கு வந்து சேரும். "பூவே" என்று நினைத்தது "நீயே" ஆக இருக்கலாம். தவில், மிருதங்கம் இவற்றின் தொப்பி என்னும் அடித்தொனிப் பக்கம், பேஸ் கிடார் எல்லாம் அந்த நினைவில் இருக்கவே இருக்காது. இன்று ஹெட்போனில் கேட்கும்போது அடியில் ஒரு பெரிய உருட்டல் வந்து, "இவ்வளவு அதிர்வான பாட்டு இல்லையே அது" என்று தோன்றும்.

வாத்தியத்தின் பெயர் எல்லாவற்றுக்கும் கீழே. இதில் ஒரு விசித்திரம். வாத்தியத்தில் வந்ததை நாம் வாயால் முனகி முனகித்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். வருடங்கள் போகப் போக அது மனிதக் குரலாகவே மனதில் மாறிவிடும். ஹம்மிங் என்று சொன்னது புல்லாங்குழலாக இருந்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் "ஹம்மிங் இல்லை" என்று தள்ளும் முன், அதே மெட்டை ஏதாவது வாத்தியம் வாசிக்கிறதா என்று பாருங்கள்.

அம்மா நாப்பது வருஷமா ஒரு பாட்ட சொல்றா. எல்லாரும் ஒரே பாட்டத்தான் அனுப்புறாங்க, அம்மா இல்லேங்கிறா. யார் சரி?

முட்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும் மகனும் இதே கேள்வியோடுதான் வந்தார்கள். அவர்கள் கதையைச் சொன்னால் முழு வேலையும் புரியும். பாட்டின் பெயர் இங்கே தேவையில்லை.

மகன் கைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டதும், கிடார் வந்தது. அந்த அம்மா கையை ஆட்டிவிட்டார். "அண்ணே, இது இல்ல. நான் சொல்றது ஒரு பொம்பள ஆலாபனையில ஆரம்பிக்கும்." மகன் பதினைந்தாவது நொடியில் நிறுத்திவிட்டான். இதற்கு முன்னாலும் ஒவ்வொரு முறையும் அங்கேயேதான் நிறுத்தியிருக்கிறான்.

நல்லவேளையாக அவர் அந்தப் பாட்டை முழுதாக ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. முதலில் அவரைப் பாட வைத்துப் பதிவுசெய்தேன். தாளில் எழுதியது இது: பெண் குரலில் ஹம்மிங்கோடு ஆரம்பம். உடனே புல்லாங்குழல். பிறகு ஆண் பாடுவார். ஒரு வரி "…காத்து" என்று முடியும். கடைசியில் வயலின் ஓங்கி எழும். எங்கே கேட்டீர்கள் என்று கேட்டதற்கு, "வீட்டுல, அண்ணன் துபாய்ல இருந்து கொண்டுவந்த டேப்ல" என்றார். பாட்டைவிட இந்தப் பதில்தான் எனக்கு உதவியது. வானொலியிலிருந்து பிடித்ததா, கடையில் ஏற்றியதா என்று கேட்டேன். அண்ணன் ரேடியோவைப் போட்டு அப்படியே அழுத்திப் பிடித்ததாம்.

வானொலியிலிருந்து பதிவு செய்தவர்களுக்குத் தெரியும். அடுத்து என்ன பாட்டு வரும் என்று தெரியாது. பாட்டு வந்து, பிடித்த பாட்டு என்று புரிந்து, கேசட்டைத் தேடிப் போட்டு, இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்துவதற்குள் பாதிப் பாட்டு போயிருக்கும்.

சரி, பாட்டை எடுத்தேன். மொத்தம் நாலரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 24-வது நொடிவரை கிடார். பல்லவியில் ஆண் குரல். அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. தாளில் "நினைவில் இல்லை" என்று எழுதினேன். முதல் இடையிசை வயலின், அதுவும் நினைவில் இல்லை. முதல் சரணம் வந்தபோது தலையைச் சாய்த்தார். மெட்டு தெரிந்த மாதிரி இருக்கிறது, வார்த்தை தெரியவில்லை என்றார். இரண்டு சரணத்துக்கும் ஒரே மெட்டு என்றால் இப்படித்தான் இருக்கும், இரண்டாவது சரணத்தை மட்டும் கேட்டவருக்கு முதல் சரணம் பாதி தெரிந்ததாகத் தோன்றும். அங்கேயே எனக்குப் பாதி உறுதியாகிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

இரண்டரை நிமிடத்தில் பல்லவி முடிந்தது. ஒரு பெண் குரல், வார்த்தை இல்லாமல், தனியாக எழும்பியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு புல்லாங்குழல். அந்த அம்மா மகன் கையைப் பிடித்துக்கொண்டார். "இதான் அண்ணே. இங்க இருந்துதான்." சரணத்தில் இரண்டாவது வரி "காத்து" என்று முடியவில்லை, "பார்த்து" என்று முடிந்தது. ஓசை ஒன்றுதான்.

பாட்டு முடிந்தது. வயலின் வரவில்லை. மறுபடி அவர் முகம் வாடிவிட்டது. "கடைசியில வயலின் வரணும் அண்ணே. அது இல்லாம எப்படி?"

இந்த இடத்தில் "அது பரவாயில்லை, விடுங்க" என்று சொல்லக்கூடாது. அவர் நன்றாக நினைவில் வைத்திருக்கும் பகுதி அது. அங்கே முரண் இருக்கிறது. காரணம் தெரியாமல் பாட்டை ஒத்துக்கொள்வது, பதினைந்தாவது நொடியில் தள்ளியதைப் போலவே அவசரம். கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். நாடா பூஞ்சை பிடித்துப் போட முடியாமல் ஆகிவிட்டது, ஆனால் உறை பெட்டியில் இருந்தது. மறுநாள் மகன் படம் எடுத்து அனுப்பினான். அண்ணன் கையெழுத்தில் வரிசையாகப் பாட்டுகள். இந்தப் பாட்டின் பெயர் அதில் இல்லை, வெறும் கோடு போட்டிருந்தது, பெயர் தெரியாததால்தானே இத்தனை தேடல். கோட்டுக்கு அடுத்து எழுதியிருந்த பாட்டைத் தேடிப் போட்டேன். வயலின் ஓங்கி எழுந்துதான் அது ஆரம்பிக்கிறது.

ஒரே கேசட்டை நூறு முறை கேட்டவர்களுக்கு இது நடக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டின் முதல் ஒலி மனதில் தானாக எழும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடாமல் பதிந்திருந்தால், அந்த ஒலி முந்தைய பாட்டின் வாலாகவே ஒட்டிக்கொள்ளும். அம்மா சொன்னதில் எதுவும் பொய்யில்லை. அனுப்பியவர்களும் தப்பு செய்யவில்லை.

மெட்டு சரியாத்தான் இருக்கு, ஆனா இது ரொம்ப வேகமா, கீச்சுன்னு இருக்கு. அதுக்காகத் தள்ளலாமா?

அளக்காமல் தள்ள வேண்டாம். முன்னால் பாடி வைத்த பதிவைப் போட்டுத் தாளம் தட்டி, 20 தட்டுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். முதல் தட்டைப் பூச்சியம் என்று எண்ண ஆரம்பிக்க வேண்டும். அதேபோலக் கிடைத்த பாட்டுக்கும் செய்யுங்கள். முட்டத்து அம்மாவின் பாட்டுக்கு 13 நொடி, கைபேசியில் வந்த பாட்டுக்கு 12 நொடி. நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 92 தட்டும் 100 தட்டும். எட்டு விழுக்காடு வித்தியாசம். இது நினைவின் சறுக்கலாக இருக்கலாம், டேப்பின் சறுக்கலாகவும் இருக்கலாம்.

டேப் எப்படிச் சறுக்கும் என்றால், பேட்டரி இறங்கினால் மோட்டார் மெதுவாகும். ரப்பர் பட்டை தளர்ந்தாலும் அப்படியே. நாடா மெதுவாக ஓடினால் வேகமும் குறையும், சுருதியும் சேர்ந்து இறங்கும். ஏறக்குறைய 6 விழுக்காடு மாறினால் சுருதி அரைக்கட்டை மாறும். நாலு நிமிடப் பாட்டு 6 விழுக்காடு வேகமாக ஓடினால் 14 நொடி முன்னாலேயே முடிந்துவிடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்த டேப்பில் பதிந்தார்களோ அதே டேப்பில் போட்டால் அதன் குறை தெரியாது, மெதுவாகப் பதிந்ததை மெதுவாகவே ஓட்டுவதால் சரியாகிவிடும். வேறொன்றில் போடும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும். அண்ணன் துபாய்க்குத் திரும்பிப் போகும்போது டேப்பையும் எடுத்துக்கொண்டு போனார், கேசட் மட்டும் வீட்டில் நின்று வேறு டேப்பில் ஓடியது என்றால், தங்கை கேட்ட சுருதி அசல் சுருதியாக இருக்க வாய்ப்பு குறைவு.

கணினி இருந்தால் Audacity-யில் பாட்டைத் திறந்து, Change Speed and Pitch என்பதில் -8 போட்டுக் கேட்டுப் பாருங்கள். பழைய பதிப்பில் அதன் பெயர் Change Speed. வேகமும் சுருதியும் டேப்பில் நடப்பதுபோலச் சேர்ந்தே இறங்கும். YouTube-இல் வேகத்தைக் குறைத்தால் சுருதி இறங்காது, அதனால் அந்தச் சோதனை இதற்கு உதவாது. இன்னொன்று, இணையத்தில் பாட்டை ஏற்றுகிறவர்கள் சிலர் உரிமைப் பிரச்சினையைத் தவிர்க்கச் சுருதியை மாற்றி ஏற்றுகிறார்கள். கீச்சென்று இருந்தால் வேறு இரண்டு இடத்திலிருந்து அதே பாட்டை எடுத்துக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் டேப்பைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அப்போது வேறு வடிவம் இருக்கிறதா என்று தேடுவேன்.

எனக்கு ஞாபகம் இருக்கறது பெண் குரல். இதுல ஆண் பாடுறார். இது முரண் தானே?

முரண்தான். ஆனால் பாட்டைத் தள்ளும் முரணாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதன் இரட்டையைத் தேடச் சொல்லும் முரண் அது. ஒரே படத்தில் சந்தோஷத்தில் ஒருமுறை, சோகத்தில் ஒருமுறை என்று ஒரே பல்லவி இரண்டு பேர் குரலில் வருவது நம் சினிமாவில் சாதாரணம். சோக வடிவம் பெரும்பாலும் மெதுவாக இருக்கும், சரணம் ஒன்றே இருக்கும்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் திருவனந்தபுரம் வானொலியும் ஓடும், திருநெல்வேலி வானொலியும் ஓடும். நாகர்கோவிலில் உள்ளூர் வானொலி நிலையம் வந்ததே 1984-ல்தான். கடற்கரையில் அப்போது இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். மலையாளமும் தமிழும் கலந்தே காதில் விழுந்த தலைமுறை இது. ஒரே மெட்டு இரண்டு மொழியிலும் வந்திருந்தால், மெட்டு ஒரு மொழியிலிருந்தும் வார்த்தை இன்னொன்றிலிருந்தும் நினைவில் சேர்ந்துகொள்ளும். 1982-ல் இளையராஜா இசையில் மலையாளத்தில் ஓளங்ஙள் படத்தில் "தும்பி வா" வந்தது, எஸ். ஜானகி தனியாகப் பாடியது. அதே மெட்டு அதே வருடம் தமிழில் ஆட்டோ ராஜா படத்தில் "சங்கத்தில் பாடாத கவிதை" என்று வந்தது. அதில் ஜானகியோடு இளையராஜாவும் பாடுகிறார். திருவனந்தபுரம் நிலையத்தில் கேட்டவரிடம் தமிழ்ப் பாட்டைப் போட்டுக் காட்டினால் "ஆண் குரலே கிடையாதே" என்றுதான் சொல்வார். அவர் சொல்வது சரி, மெட்டைக் கண்டுபிடித்தவர் சொல்வதும் சரி.

ஆகவே குரல் மாறி, பல்லவி மெட்டும் தாளமும் பொருந்தினால், பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த வடிவத்தைத் தேடுங்கள்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு சரணம் இதுல இல்லவே இல்ல. அப்ப வேற பாட்டுதானே?

முதலில் நீங்கள் கேட்டது படக்காட்சியா, இசைத்தட்டிலிருந்து வந்ததா என்று பாருங்கள். படத்தில் நீளம் கருதி ஒரு சரணத்தை வெட்டியிருப்பார்கள், தட்டில் இருக்கும். சில சமயம் நேர்மாறாக. பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். நீளமான பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்துப் போடுவார்கள். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கு மறுபக்கத்துச் சரணம் அந்நியமாக இருக்கும்.

என் தொழில் செய்த குறையையும் சொல்ல வேண்டும். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். கடைசிப் பாட்டு கொள்ளாவிட்டால் பாதியில் அறுந்துபோகும், இல்லையென்றால் ஒரு சரணத்தை விட்டுவிட்டு ஏற்றுவோம். அந்தக் கேசட்டை மட்டுமே கேட்டவர்களுக்கு அதுதான் முழுப்பாட்டு.

அப்ப எப்பதான் 'இது இல்ல'ன்னு தைரியமாச் சொல்லலாம்?

பாட்டை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். படக்காட்சி ஒன்று, தட்டு வடிவம் ஒன்று என்று குறைந்தது இரண்டு வடிவம் கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகும், நீங்கள் முன்னாலேயே பாடி வைத்த மெட்டு பாட்டின் எந்தப் பகுதியிலும் வரவில்லை என்றால், அது இல்லை. தாளக்கட்டு வேறு என்றால், மூன்றுக்கு நாலு என்று இருந்தால், மெட்டின் ஒரு வரி ஒத்துப்போனாலும் அது இல்லை. ஒரே ராகத்தில் போட்ட இரண்டு பாட்டுக்கு ஒரு வரி ஒத்துப்போவது சாதாரணம். அதை நம்பிப் பாட்டை ஒத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

காலமும் உதவும். 1979-ல் கல்யாணமாகிப் போவதற்கு முன்னால் பிறந்த வீட்டில் கேட்டது என்று உறுதியாகச் சொன்னால், 1983-ல் வந்த படத்துப் பாட்டு அதுவாக முடியாது. அந்த உறுதியை மட்டும் இன்னொருமுறை கேட்டுப் பாருங்கள். பிறந்த வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வந்தபோது கேட்டதாகவும் இருக்கலாம்.

தள்ளினாலும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பாட்டு, எந்த வடிவம், எந்தப் பகுதியில் முரண்பட்டது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நாளைக்கு வேறொருவர் அதே பாட்டை அனுப்பும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

முடிவு தெரியாம ஒரே பாட்ட திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருக்கேன். இப்ப அதுதான்னு தோணுது. நம்பலாமா?

இப்போது நம்ப வேண்டாம். இருபது முறை கேட்டால் எந்தப் பாட்டும் சின்ன வயதில் கேட்ட மாதிரித்தான் இருக்கும். முன்னால் பாடி வைத்த பதிவு இருந்தால் அதை மட்டும் கேளுங்கள், பாட்டைத் தொடாதீர்கள். பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அந்தக் காலத்தில் உங்களோடு அதே வீட்டில் இருந்த அக்காவையோ தம்பியையோ கூப்பிட்டு, பாட்டின் பெயரைச் சொல்லாமல் அவர்களைப் பாடச் சொல்லுங்கள். அவர்கள் காதில் இந்தப் பாட்டு இன்னும் விழவில்லை.